கண்ணுக்கு ஒரே "சோழர்", தேடினா பாதிதான் வருது

கேள்வி: எங்க ஊர் படிப்பகத்துல இருக்கற புத்தகங்களை நாலு பேர் சேர்ந்து ஷீட்ல ஏத்துனோம், முன்னாடி பாமினி ஃபான்ட்ல இருந்த பழைய பட்டியலையும் கன்வெர்ட் பண்ணி அதுலயே சேர்த்தோம். இப்ப "சோழர்"னு தேடினா சிலது வருது, சிலது வரல. வராத வரியைப் போய் பாத்தா அதே சோழர்தான், எழுத்துப்பிழையே இல்ல. என்ன காரணம், எப்படி சரி பண்றது?

பதில்:

முதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. தேடலுக்கு சிக்காத வரியில இருந்து "சோழர்"ங்கற சொல்லை மட்டும் காப்பி பண்ணி ஒரு காலி செல்லுல, A2ன்னு வச்சுக்குவோம், அதுல ஒட்டுங்க. புதுசா டைப் பண்ணிடாதீங்க, டைப் பண்ணா நோயே மறைஞ்சு போயிடும், காப்பிதான் பண்ணணும். பக்கத்துல =LEN(A2) போடுங்க. ஒழுங்கா இருந்தா 5 வரணும்: ச, ஓகாரக் குறி, ழ, ர, புள்ளி. உங்களுக்கு அனேகமா 6 வரும்.

அந்த ஆறாவது எங்கிருந்து வந்துச்சுன்னா, ஓகாரக் குறி ரெண்டா உடைஞ்சு கிடக்கு. நாம பள்ளிக்கூடத்துல "சோ" எழுதும்போது என்ன பண்ணோம்? முதல்ல இரட்டைக் கொம்பு, அப்புறம் ச, அப்புறம் கால். ஒரு எழுத்துதான், ஆனா அதோட குறி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குது. யூனிகோடுல இதை ரெண்டு விதமா வைக்கலாம். மொத்த ஓகாரக் குறிக்கும் சேர்த்து ஒரே எண் இருக்கு, U+0BCB. இல்லன்னா இரட்டைக் கொம்பு U+0BC7, அது பின்னாடி கால் U+0BBE, இப்படி ரெண்டு எண்ணா வைக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்னு யூனிகோடே சொல்லுது, திரையிலயும் துளி வித்தியாசம் தெரியாது. ஆனா தேடற புரோகிராம் எழுத்தைப் பாக்கறதில்ல, எண் வரிசையைத்தான் ஒப்பிடுது, அதுக்கு இது ரெண்டும் வேற வேற சொல்.

இந்தப் பிரச்சனை ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூணுலதான் வரும், மத்த குறி எல்லாம் ஒரே துண்டு. அதனாலதான் உங்களுக்கு "பாண்டியர்"னு தேடினா எல்லாம் ஒழுங்கா வந்து "சோழர்"னு தேடினா மட்டும் பாதி காணாம போகுது. இதைக் கவனிச்சாலே பாதி கண்டுபிடிச்ச மாதிரி, தேடலுக்கு சிக்காத சொல் எல்லாத்துலயும் கொ, கோ, கௌ வகை எழுத்து இருந்தா சந்தேகமே வேண்டாம், இதுதான்.

சரி, 6 வந்துச்சுன்னா அதோட முடியல. அந்த ஆறு எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்கணும், ஏன்னா 6 வர்றதுக்கே மூணு வழி இருக்கு, மூணுக்கும் மருந்து வேற. =UNICODE(MID(A2,1,1)) போட்டா முதல் எண் வரும், அந்த நடு 1ஐ 2, 3ன்னு மாத்தினா அடுத்தடுத்தது வரும். நீங்க பாக்கப் போற எண்கள் நாலுதான்: ச 2970, இரட்டைக் கொம்பு 3015, கால் 3006, சேர்ந்த ஓகாரக் குறி 3019.

2970, 3015, 3006ன்னு வந்தா மெய்க்கு அப்புறம் கொம்பு, அப்புறம் கால். இது தப்பே இல்ல, பிரிச்சு எழுதின வடிவம், அவ்வளவுதான். பழைய மேக் கம்ப்யூட்டர்ல ஃபைல் பேரை எல்லாம் இப்படிப் பிரிச்சுத்தான் வைக்கும், அதனால அங்கிருந்து ஃபைல் பேரைப் பட்டியலா எடுத்தா தமிழ்ப் பேர் இப்படி வரும். சில கீபோர்டு மென்பொருளும் கொம்பையும் காலையும் சேர்க்காம அப்படியே விட்டுடும்.

2970, 3006, 3015ன்னு வந்தா கால் முதல்ல, கொம்பு அப்புறம். இது தலைகீழ். யாரோ "சாழர்"னு அடிச்சுட்டு, அடடா சோழர்னு பாத்து, காலை அழிக்காம அது பின்னாடியே கொம்பைப் போட்டா இப்படி ஆகும். குறி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பட்டன் இருக்கற கீபோர்டுல இது சுலபமா நடக்கும். கன்வெர்ட்டர்லயும் நடக்கும், அதை அப்புறம் சொல்றேன். இதுல மோசம் என்னன்னா, நான் பாத்த வரைக்கும் இப்ப இருக்கற நிறைய பிரவுசர்ல இதுவும் சரியான "சோ" மாதிரியே தெரியுது. கொம்பு எங்க இருந்தாலும் அதை இழுத்து மெய்க்கு முன்னாடி வரைஞ்சுடறாங்க, கால் பின்னாடி நிக்குது, முடிஞ்சு போச்சு. சில செயலியில மட்டும் நடுவுல புள்ளி வச்ச வட்டம் வந்து காட்டிக் குடுக்கும்.

3015, 2970, 3006ன்னு வந்தா, அதாவது முதல் எண்ணே கொம்பா இருந்தா, கையால எழுதற வரிசையிலயே சேமிச்சிருக்கு. பழைய ஃபான்ட் எல்லாம் இப்படித்தான், டைப்ரைட்டர் வழி. பாமினியில சோழர்ங்கறது `Nrhou;`, அதுல `N` கொம்பு, `r` ச, `h` கால், `o` ழ, `u` ர, `;` புள்ளி. யூனிகோடுல எப்பவும் மெய்தான் முதல்ல, அதனால பாமினியை மாத்தும்போது எண்ணை மட்டும் மாத்தினா போதாது, இடத்தையும் மாத்தணும். அதைப் பண்ணாத கன்வெர்ட்டர்ல போட்டா இந்த வடிவம் வரும். இதுல சொல்லோட ஆரம்பத்துல கொம்பு ஒட்ட மெய் இல்லாம அனாதையா நிக்கறதால பெரும்பாலும் புள்ளி வட்டம் தெரியும், அதனால உங்க "எழுத்துப்பிழையே இல்ல" வரிகள்ல இது குறைவாத்தான் இருக்கும், ஆனா அதே பட்டியல்ல வேற எங்கயாவது இருக்கலாம்.

இப்ப கன்வெர்ட்டர் எப்படி தலைகீழா ஆக்கும்னு கேட்டா, அதுக்குள்ள மாத்தற விதி எந்த வரிசையில ஓடுதுங்கறதுதான். `Nrh` மூணையும் ஒரே வீச்சுல "சோ"ன்னு மாத்தற விதி முதல்ல இருக்கணும். அதுக்கு முன்னாடி `rh` ரெண்டும் "சா"ன்னு மாறிடுச்சுன்னா, மிச்சம் நிக்கற `N` என்ன பண்ணும்? கொம்பை அடுத்த எழுத்துக்குப் பின்னாடி தள்ளுன்னு ஒரு விதி இருக்கும், அது "சா"வை ஒரு முழு எழுத்தா எடுத்துக்கிட்டு அதுக்கும் பின்னாடி கொம்பைக் கொண்டு போய் வச்சுடும். ச, கால், கொம்பு. இப்படி ஒரு விதி முன்னபின்ன ஆனதுக்கு பட்டியல்ல இருக்கற ஓகாரம் பூரா தலைகீழா போயிடும்.

யூனிகோடுலயே நார்மலைசேஷன்னு ஒண்ணு இருக்கே, அதைப் போட்டா எல்லாம் சரியாயிடாதான்னு நிறைய பேர் சொல்வாங்க. பாதி சரியாகும். NFCங்கற வடிவத்துக்கு மாத்தினா கொம்பு, கால்னு ஒழுங்கான வரிசையில பிரிஞ்சு இருக்கறது சேர்ந்து 0BCB ஆயிடும். தலைகீழா இருக்கறதை அது தொடவே தொடாது. இதை நான் முதல்ல நம்பல, ஏன்னா குறிகளோட வரிசையை சீராக்கறதுதான் நார்மலைசேஷனோட வேலைல ஒண்ணு. வியட்நாமிய எழுத்துல eக்கு மேல ஒரு கூரையும் கீழ ஒரு புள்ளியும் வரும், அதை எந்த வரிசையில அடிச்சாலும் NFC போட்டா ஒரே வடிவம் ஆயிடும். நம்ம எழுத்துல மட்டும் ஏன் நடக்கல?

ஒட்டு எழுத்து ஒவ்வொண்ணுக்கும் யூனிகோடுல ஒரு வகுப்பு எண் குடுத்திருக்காங்க, அந்த எண் 0 இல்லாத குறிகளை மட்டும்தான் சின்னது முதல்ல, பெருசு அப்புறம்னு அடுக்குவாங்க. கீழ்ப்புள்ளிக்கு 220, மேல கூரைக்கு 230, அதனால அது ரெண்டும் வரிசையாயிடுது. தமிழ்ல கொம்பு, கால், சுழி எல்லாத்துக்கும் எண் 0. புள்ளிக்கு மட்டும் 9. 0ன்னா அது இருக்கற இடம்தான் அதோட இடம், நகர்த்தக் கூடாதுன்னு அர்த்தம். அதனால தமிழ்ச் சொல்லுல நார்மலைசேஷன் எதையும் இடம் மாத்தி வைக்கறதே கிடையாது, சேர்க்கறது பிரிக்கறது மட்டும்தான். ஒரு தடவை குடுத்த இந்த எண்களை பின்னாடி மாத்த மாட்டோம்னு யூனிகோட்காரங்க உறுதி குடுத்திருக்காங்க, மாத்தினா ஏற்கனவே சேமிச்சு வச்ச தரவெல்லாம் குழம்பிடும்ங்கறதால. ஆக தலைகீழ் வடிவத்தை நாமதான் கையால திருப்பணும்.

முதல்ல சுலபமானதை முடிங்க. ஒழுங்கா பிரிஞ்சு இருக்கறதை சேர்க்க ஷீட்லயே புது நெடுவரிசையில இதைப் போடலாம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூணுக்கும் சேர்த்து:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,
 UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),
 UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019)),
 UNICHAR(3014)&UNICHAR(3031),UNICHAR(3020))
```

தேடினா இன்னும் சிலது சிக்கலன்னா மிச்சம் இருக்கறது தலைகீழ் வடிவம். அதைத் திருப்பறதும் ஒரே வரி வேலை மாதிரித்தான் தோணும்: காலுக்கு அப்புறம் கொம்பு வந்தா ரெண்டையும் இடம் மாத்து. தமிழ்ல ஒரு உயிர்க்குறிக்கு அப்புறம் இன்னொரு உயிர்க்குறி வரவே வராதே, அதனால எங்க இந்த ஜோடி இருந்தாலும் அது பிழைதான், கண்ணை மூடிட்டு மாத்தலாம்னு நினைச்சுத்தான் நானும் ஒரு தடவை பண்ணேன். கோயில் தலப் பட்டியல் ஒண்ணு, பல இடத்துல இருந்து சேர்த்தது. சோழர், கோபுரம், போரூர் எல்லாம் அழகா சரியாச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் ராமேஸ்வரம் எங்க காணோம்னு கேட்டார். போய் பாத்தா "ரோமஸ்வரம்"னு இருக்கு. திருநாகேஸ்வரம் "திருநோகஸ்வரம்" ஆயிருக்கு.

என்ன நடந்துச்சுன்னா, அந்தப் பட்டியல்ல ஒரு பகுதி கையெழுத்து வரிசையில சேமிச்சது. அதுல ராமேஸ்வரம் ர, கால், கொம்பு, ம, ஸ்... இப்படி இருக்கும். இங்கயும் காலுக்கு அப்புறம் கொம்பு வருது பாருங்க, ஆனா அந்தக் கொம்பு முன்னாடி இருக்கற ரவுக்கு இல்ல, பின்னாடி வர்ற மவுக்கு. நான் அதைப் பிடிச்சு ரவுக்கு குடுத்துட்டேன். தலைகீழ் வடிவத்துல அதே கால், கொம்பு ஜோடி வந்தா கொம்பு முன்னாடி எழுத்துக்கு, கையெழுத்து வரிசையில வந்தா பின்னாடி எழுத்துக்கு. அந்த ஜோடியை மட்டும் தனியா பாத்தா எதுன்னு சொல்லவே முடியாது, அந்த வரி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் முடியும்.

அதுக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கு. கையெழுத்து வரிசையில இருக்கற வரியில ஏதாவது ஒரு சொல் கொம்புலயே ஆரம்பிக்கும், கொ, தே, பை, வெ இப்படி ஆரம்பிக்கற சொல் நம்ம மொழியில அவ்வளவு இருக்கு. ஒழுங்கான யூனிகோடுல எந்தச் சொல்லும் கொம்புல ஆரம்பிக்காது. அதனால இதைப் போட்டு வர்ற பதிலைப் பாருங்க:

```
=ISNUMBER(FIND(" "&UNICHAR(3015)," "&A2))
```

3015 இடத்துல 3014, 3016 போட்டு ஒற்றைக் கொம்பு, ஐகாரத்துக்கும் பாக்கணும். TRUE வந்தா அந்த வரி கையெழுத்து வரிசை. ஒரு வரியில TRUE வரலன்னா உடனே நல்ல வரின்னு முடிவு பண்ணிடாதீங்க, ராமேஸ்வரம் தனியா ஒரே சொல்லா இருந்தா இந்தச் சோதனையில தப்பிச்சுடும், எனக்கு நடந்ததே அதுதான். ஒரு வரியில சிக்குச்சுன்னா, அது கூட வந்த மொத்தப் பகுதியையும், அதாவது ஒரே ஆள் ஏத்தினது இல்ல ஒரே ஃபைல்ல இருந்து வந்ததை, தனியா பிரிச்சு வச்சுடுங்க. உங்க விஷயத்துல நாலு பேர் டைப் பண்ணது ஒரு பக்கம், பாமினியில இருந்து வந்தது ஒரு பக்கம்னு பிரிச்சாலே பெரும்பாலும் போதும்.

பிரிச்சதுக்கு அப்புறம் மாத்தறது ஷீட்டை விட பைத்தான்ல சுலபம், உங்க ஊர்ல யாராவது கல்லூரிப் பசங்க கிட்ட குடுத்தா கூட ஓட்டிக் குடுப்பாங்க:

```python
import re, unicodedata

def nfc(s):
    return unicodedata.normalize("NFC", s)

# கால் முதல்ல, கொம்பு அப்புறம்னு இருந்தா
def thalaikeezh(s):
    return nfc(re.sub("\u0BBE([\u0BC6\u0BC7])", "\\1\u0BBE", s))

# கையெழுத்து வரிசையா இருந்தா
def kaiyezhuthu(s):
    p = "([\u0BC6-\u0BC8])(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])"
    return nfc(re.sub(p, "\\2\\1", s))
```

முதல் வேலை கால், கொம்பை இடம் மாத்தி NFC போடுது. ரெண்டாவது வேலை கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னாடி தள்ளி NFC போடுது. நடுவுல இருக்கற \u0B95\u0BCD\u0BB7ங்கறது க்ஷ, அதைத் தனியா சொல்லலன்னா "க்ஷேத்திரம்"ல கொம்பு கவுக்கும் புள்ளிக்கும் நடுவுல போய் மாட்டிக்கும்.

தலைகீழைத் திருப்பற வேலையை ஒழுங்கான யூனிகோடு மேல எத்தனை தடவை ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது, அங்க அந்த ஜோடியே இருக்காது. ஆனா கையெழுத்து வரிசையை மாத்தற வேலையை ஒரே வரி மேல ரெண்டு தடவை ஓட்டிடாதீங்க. முதல் தடவையில "தேவன்" சரியாகும், ரெண்டாவது தடவை அதே கொம்பு இன்னும் ஒரு எழுத்து தள்ளிப் போய் "தவேன்" ஆயிடும். அதனால பழைய நெடுவரிசையை அழிக்காம பக்கத்துல புது நெடுவரிசையில எழுதுங்க, ரெண்டையும் ஒப்பிட்டு மாறின வரிகளை மட்டும் கண்ணால ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மாறின வரி எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லாத்தான் இருக்கணும், ஒரு "ரோமஸ்வரம்" தட்டுப்பட்டாலும் அந்தப் பகுதியை தப்பான விதியில போட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

பட்டியலைச் சரி பண்ணிட்டாலும் தேடற பெட்டியில அடிக்கற சொல்லும் அதே வடிவத்துல இருக்கணும்ங்கறதை மறந்துடாதீங்க. படிப்பகத்துக்கு வர்றவர் போன்ல அவரோட கீபோர்டு ஓகாரத்தைப் பிரிச்சு அனுப்பினா, இப்ப சுத்தமா இருக்கற பட்டியல்ல ஒண்ணுமே சிக்காது, முன்னாடி பாதியாவது வந்துச்சு. ஷீட்ல தேடறவரோட கீபோர்டை நம்மால கட்டுப்படுத்த முடியாது. பின்னாடி இதை ஒரு சின்ன வெப்சைட்டா ஆக்கினீங்கன்னா தேடலுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தச் சொல்லை `thalaikeezh`குள்ள விட்டு எடுங்க, பிரவுசர் பக்கத்துல பண்ணணும்னா ஜாவாஸ்கிரிப்ட்ல `s.normalize("NFC")` இருக்கு, ஆனா அது சேர்க்கறதை மட்டும்தான் பண்ணும், திருப்பறதை தனியா எழுதணும். SQLite மாதிரி டேட்டாபேஸ்ல `LIKE` போட்டுத் தேடினா அது தானா எதையும் சேர்த்துப் பாக்காது, உள்ள போகும்போதே சுத்தமா போகணும். போஸ்ட்கிரெஸ்ல 13வது பதிப்புல இருந்து `normalize()` உள்ளயே இருக்கு.

இவ்வளவும் பண்ணி முடிச்ச பிறகு கூட "கௌதமர்", "சௌந்தர", "மௌனம்" வகையறா சிலது வராம போகும், அது இந்த நோய் இல்ல, பக்கத்து வீட்டு நோய். ஔகாரத்தோட வலது பக்கத் துண்டு பாக்க ள மாதிரியே இருக்கறதால நிறைய பேர் ஒற்றைக் கொம்பு போட்டு நிஜ ள எழுத்தையே அடிச்சுடறாங்க, கெ, ளன்னு ரெண்டு எழுத்தா. யூனிகோடுக்கு அது வேற எழுத்து, NFC அதை சேர்க்காது, சேர்க்கவும் கூடாது, ஏன்னா "வெளி", "தெளிவு", "வெள்ளி" எல்லாத்துலயும் அதே கொம்பும் ளவும் நியாயமாவே இருக்கு. ஒற்றைக் கொம்பை ஒட்டி வர்ற ளவுக்கு அப்புறம் குறியோ புள்ளியோ இல்லாம நேரா இன்னொரு மெய் வர்ற இடங்களை மட்டும் வடிகட்டினா, "கெளதமர்", "வெளவால்", "மெளனம்" மாதிரி சின்ன பட்டியல் ஒண்ணு வரும், அதை உக்காந்து ஒவ்வொண்ணா கையால மாத்துங்க. புத்தகப் பட்டியல் அளவுக்கு அது ஒரு சாயங்கால வேலைதான்.